மார்க்கெட் விழும்போது எது தாங்கும்? தங்கமா, அரசுப் பத்திரமா, டாலரா?

கேள்வி: செம்பூரில் இருக்கிறோம். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் போக 25 லட்சம் தனியாக இருக்கிறது. இரண்டு வருஷத்தில் மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போவாள். அதோடு வேலை போனால் குடும்பச் செலவுக்கும் இதுதான். மார்க்கெட் சரிந்தாலும் இந்தப் பணம் சரியக் கூடாது. வீட்டில் தங்கம் வாங்கு என்கிறார்கள், பேங்கில் அரசுப் பத்திரங்களில் போடும் கில்ட் ஃபண்ட் என்கிறார்கள், ஆபீசில் டாலர்தான் என்கிறார்கள். எதில் போடுவது?

பதில்: மூன்றுமே ஒவ்வொரு சமயத்தில் காப்பாற்றியிருக்கின்றன, ஒவ்வொரு சமயத்தில் கைவிட்டும் இருக்கின்றன. நெருக்கடி எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. 25 லட்சத்தில் ஒரு பகுதி ரூபாயில் செலவாகப் போகிறது, இன்னொரு பகுதி டாலரில். இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டு "எது பாதுகாப்பு" என்று கேட்டால் சரியான பதிலே கிடைக்காது.

முதலில் தங்கம். நாம் வாங்கும் தங்கம் மூன்று சரக்குகளின் கலவை: உலகச் சந்தையின் டாலர் விலை, டாலருக்கான ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி.

10 கிராம் விலை = (ஒரு அவுன்ஸ் டாலர் விலை ÷ 31.1035) × 10 × டாலரின் ரூபாய் மதிப்பு × (1 + வரி)

உள்ளூர் தேவையைப் பொறுத்து இதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ மும்பை ஜவேரி பஜார் விலை நிற்கும், ஜிஎஸ்டி தனி. "தங்கம் ஏறியது" என்று யாராவது சொன்னால் இந்த மூன்றில் எது ஏறியது என்று பார்ப்பது நல்லது. பல சமயம் தங்கம் நகர்ந்தே இருக்காது, ரூபாய்தான் இறங்கியிருக்கும்.

2013-ஐ எடுத்துக்கொள்வோம். மே 22 அன்று, பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கே கோடி காட்டினார். வெளிநாட்டுப் பணம் இந்தியாவை விட்டு ஓடத் தொடங்கியது. அப்போது டாலர் ஐம்பத்தைந்தரை ரூபாய். ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. 20,000-க்கு மேல் இருந்த சென்செக்ஸ் 18,000-க்குக் கீழே முடிந்தது. இந்த மூன்று மாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தங்கத்தின் டாலர் விலை சுமார் 1,400தான். நடுவில் ஜூன் கடைசியில் 1,200-க்கும் கீழே போய் வந்தது, அவ்வளவே. ஆனால் இறக்குமதி வரி 6 சதவீதத்திலிருந்து ஜூனில் 8, ஆகஸ்டில் 10 என்று ஏறியது. சூத்திரத்தில் போட்டால் மே மாதம் 10 கிராம் ஏறத்தாழ 26,500 ரூபாய், ஆகஸ்ட் கடைசியில் 33,700 ரூபாய். 27 சதவீத ஏற்றம். அதில் பெரும்பங்கு டாலருடையது, மீதி வரியுடையது. தங்கம் தன் பங்காக ஏதும் செய்யவில்லை.

அதே மூன்று மாதம் அரசுப் பத்திரத்துக்கு என்ன ஆனது? சந்தை அளவுகோலாகக் கொண்ட அப்போதைய பத்தாண்டு பெஞ்ச்மார்க், 2023-இல் முதிரும் 7.16 சதவீதப் பத்திரம். மே மாதம்தான் வெளியானது. ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று, வங்கிகளுக்கு அவசர ஓரிரவுக் கடன் தரும் எம்எஸ்எஃப் வட்டியை 10.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஆகஸ்டில் பத்தாண்டு யீல்டு, அதாவது அன்றைய விலையில் வாங்குபவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருமானம், 9 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்டு வட்டியாக 7.16 சதவீதக் கூப்பன் தரும் பத்திரம் 9 சதவீத யீல்டில் விற்க வேண்டுமென்றால் அதன் விலை 88 ரூபாய். நூறு ரூபாய்க்கு வாங்கியவர் மூன்று மாதத்தில் பன்னிரண்டு ரூபாய் நஷ்டத்தில் நின்றார். கடன் வாங்கியது அரசு, ஏமாற்றவில்லை. 2023 வரை பொறுத்திருந்தவருக்கு நூறும் வட்டியும் முழுசாக வந்தன. ஆனால் ஆகஸ்ட் 2013-இல் பணம் தேவைப்பட்டவருக்கு அந்த வாக்குறுதியால் பயனில்லை. பங்கு 10 சதவீதம் விழுந்த அதே சமயத்தில் பத்திரம் அதைவிட அதிகமாக விழுந்திருந்தது.

இதை மட்டும் பார்த்துவிட்டு "பத்திரம் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2008 இதற்கு நேர் எதிர்.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. இங்கே விலைவாசி எகிறிக் கிடந்தது, பத்தாண்டு யீல்டு 9 சதவீதத்துக்கு மேல். செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கி லீமன் பிரதர்ஸ் விழுந்தது. வருஷக் கடைசியில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழ். பணவீக்கப் பயம் போய், வளர்ச்சி நின்றுவிடுமோ என்ற பயம் வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது ரிசர்வ் வங்கி. டிசம்பர் முடிவில் பத்தாண்டு யீல்டு சுமார் 5.3 சதவீதம். அன்றைய பெஞ்ச்மார்க் 2018-இல் முதிரும் 8.24 சதவீதப் பத்திரம். 9 சதவீத யீல்டில் அதன் விலை 95 ரூபாய், 5.3 சதவீதத்தில் 121. சென்செக்ஸ் அக்டோபர் 27 அன்று 8,500-க்குச் சரிந்து கிடந்த அதே அரையாண்டில் நீண்ட காலப் பத்திரம் வைத்திருந்தவருக்குக் கால் பங்குக்கு மேல் லாபம்.

தங்கமோ அந்த அக்டோபரில் விழுந்தது. ஜூலை நடுவில் 980 டாலருக்கு அருகில் இருந்தது, அக்டோபர் கடைசி வாரத்தில் 720. டாலரில் பார்த்தால் 26 சதவீத வீழ்ச்சி. இங்கே அவ்வளவு தெரியாமல் போனதற்குக் காரணம் ரூபாய் 43-லிருந்து 50-க்கு இறங்கியது. வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 10 கிராம் ஏறத்தாழ 13,550-லிருந்து 11,570-க்கு வந்தது, அதாவது 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

உலகமே பயந்து நடுங்கும்போது தங்கம் ஏன் விழ வேண்டும்? கடன் வாங்கி முதலீடு செய்தவர்களுக்கு, கூடுதல் பணம் கட்டச் சொல்லும் மார்ஜின் கால் வந்தால் எது விற்குமோ அதைத்தான் விற்பார்கள், எது மோசமோ அதை அல்ல. விற்க முடியாத அடமானப் பத்திரங்கள் கையில் தேங்கின, உடனே காசாகும் தங்கம் போனது. எல்லோருக்கும் தேவைப்பட்டது டாலர் ரொக்கம். 2020 மார்ச்சிலும் இதே கதைதான். மார்ச் 9-ஐ ஒட்டி 1,680 டாலர் இருந்த தங்கம் பத்து நாளில் 1,470-க்கு வந்தது. அமெரிக்க அரசுப் பத்திரங்களே அந்த வாரங்களில் விற்பனைக்கு வந்து குவிந்தன. பத்தாண்டு யீல்டு மார்ச் 9 அன்று 0.54 சதவீதம், 18 அன்று 1.18. இந்தியப் பத்திரங்களிலிருந்தும் அந்த ஒரு மாதத்தில் வெளிநாட்டவர் சுமார் 60,000 கோடி ரூபாயை எடுத்தார்கள். அமெரிக்க மத்திய வங்கி மார்ச் 23 அன்று வரம்பில்லாமல் வாங்குவதாக அறிவித்த பிறகுதான் நிலைமை அடங்கியது.

இந்த வகை வீழ்ச்சி பெரும்பாலும் நீடிப்பதில்லை. 2008-இல் இழந்ததை 2009 பிப்ரவரிக்குள் டாலர் விலை மீட்டுவிட்டது. 2020-இல் ஏப்ரல் நடுவிலேயே 1,700-க்கு மேல். ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படும் வாரம் அதற்குள் வந்துவிட்டால்?

எந்த வகை நெருக்கடி என்று அந்த நேரத்திலேயே கண்டுபிடிக்க முடியும். பங்கு விழும் நாட்களில் டாலர்-ரூபாய், பத்தாண்டு அரசுப் பத்திர யீல்டு, தங்கத்தின் டாலர் விலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ரூபாய் இறங்கி, யீல்டும் ஏறினால் பணம் நாட்டை விட்டு வெளியேறுகிறது என்று அர்த்தம். அது 2013 வகை. நீண்ட காலப் பத்திரம் அடிவாங்கும், டாலரும் தங்கமும் தாங்கும். பங்கு விழ, யீல்டும் இறங்கினால் பயம் வளர்ச்சி பற்றியது, அங்கே பத்திரம் வேலை செய்யும். டாலர் ஏற, டாலரில் தங்கமும் இறங்கினால் ரொக்கத்துக்கான அடிதடி. அப்போது தங்கத்தை விற்பது பெரும்பாலும் அடிவிலையில் விற்பதாக முடியும்.

டாலர் மட்டும் எப்போதும் ஜெயிக்கிறதே என்று தோன்றலாம். இங்கிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது. நெருக்கடி அமெரிக்காவிலேயே, அதுவும் அதன் அரசின் கொள்கையாலேயே கிளம்பினால் கதை வேறு. 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் இறக்குமதி வரிகளை அறிவித்த பிறகு பங்குகள் சரிந்தன. டாலரும் மற்ற பெரிய நாணயங்களுக்கு எதிராக இறங்கியது. அமெரிக்கப் பத்தாண்டு யீல்டு ஒரே வாரத்தில் 4 சதவீதத்துக்கு அருகிலிருந்து 4.5-ஐ எட்டியது. தங்கம் அதே மாதம் 3,500 டாலரைத் தொட்டது. இங்கே ரிசர்வ் வங்கி ஏப்ரல் 9 அன்று ரெப்போவை 6 சதவீதத்துக்குக் குறைத்தது, நம் பத்திரங்கள் நன்றாகவே இருந்தன. யென், சுவிஸ் ஃபிராங்க் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யென் 2022-இல் டாலருக்கு 115-லிருந்து 150 வரை சரிந்த நாணயம். யென்னிலோ ஃபிராங்கிலோ செலவில்லாத ஒரு குடும்பத்துக்கு இரண்டும் தேவையில்லை என்பதே என் கருத்து.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். நான் பிரித்தால் குடும்பச் செலவுக்கான 10 லட்சத்தை ரூபாயிலும், மகளின் படிப்புக்கான 10 லட்சத்தை டாலரிலும், மீதி 5 லட்சத்தைத் தங்கத்திலும் வைப்பேன்.

குடும்பச் செலவுக்கான பகுதிக்குக் கில்ட் ஃபண்ட் சரியில்லை. கில்ட் ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் மாடிஃபைட் டியூரேஷன் என்று ஓர் எண் இருக்கும். யீல்டு ஒரு சதவீதம் ஏறினால் ஃபண்டின் மதிப்பு ஏறத்தாழ அத்தனை சதவீதம் இறங்கும். அந்த எண் 8 என்றால், 2013 போல யீல்டு 1.8 சதவீதம் ஏறினால் 14 சதவீதம் வரை போகலாம். "அரசாங்கப் பத்திரம், ரிஸ்க் இல்லை" என்று பேங்கில் சொல்வதில் இந்த எண் வராது. அரசு திருப்பித் தராமல் போகும் ரிஸ்க் இல்லைதான், விலை ரிஸ்க் முழுசாக உண்டு. இதற்குப் பதில், அரசு ஓராண்டுக்குள் திருப்பித் தரும் குறுகிய காலப் பத்திரமான டிரெஷரி பில் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்தில் கணக்குத் தொடங்கி 91, 182, 364 நாள் பில்களை ஏலத்தில் நேரடியாகக் கேட்கலாம். குறைந்தது 10,000 ரூபாய். நீங்கள் விலை குறிப்பிட வேண்டாம், போட்டியில் தீர்மானமாகும் விலையில் ஒதுக்குவார்கள். 5.5 சதவீத யீல்டில் 364 நாள் பில் என்றால் 94.80 ரூபாய் கட்டி, முதிர்வில் 100 ரூபாய் பெறுவீர்கள். ஒரே பில்லில் 10 லட்சத்தையும் போடாமல், இரண்டரை லட்சமாகப் பிரித்து மூன்று மாத இடைவெளியில் முதிரும்படி வாங்குங்கள். தளத்தில் இடையில் விற்கும் வசதி உண்டென்றாலும் சிறு தொகைக்கு வாங்க ஆள் கிடைப்பது அரிது. நெருக்கடி நாளில் சுத்தமாக இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். முதல் பில் முதிரும் வரைக்கான செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

டாலர் பகுதியை நான் புகலிடம் என்றே சொல்ல மாட்டேன், அது முன்கூட்டியே கட்டும் ஃபீஸ். 2013 மே மாதம் 10 லட்சத்துக்கு 18,000 டாலர் கிடைத்தது, ஆகஸ்டில் 14,700தான். அதே ஃபீஸ் மூன்று மாதத்தில் இரண்டேகால் லட்சம் ஏறியது. ரூபாய் பலமாகி உங்கள் டாலரின் மதிப்பு குறைந்தாலும் கவலையில்லை, ஃபீஸும் அதே அளவு குறைந்திருக்கும்.

சிக்கல் வைத்திருப்பதில்தான். நோட்டாக 2,000 டாலருக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், ஆனால் அனுப்பிவிட்டு முதலீடு செய்யாமல் சும்மா போட்டால் 180 நாளில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நேரான வழி, குஜராத்தின் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் உள்ள வங்கிக் கிளையில் எல்ஆர்எஸ் மூலம் டாலர் கணக்குத் தொடங்கி டாலர் டெபாசிட் போடுவது. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதற்கு வழிவிட்டது. அமெரிக்கக் குறுகிய காலக் கருவூலப் பத்திரங்களில் போடும் ஃபண்டுகளும் இங்கேயே ரூபாயில் கிடைக்கின்றன. வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பு நிரம்பும்போது புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் தொடங்கும்முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் டாலர் ஃபியூச்சர் வாங்கலாம் என்று ஆபீசில் யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். 2024 மே முதல் உண்மையான டாலர் கடப்பாடு உள்ளவர்களுக்குத்தான் அது.

செலவு இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும். வங்கி தரும் மாற்று விலையை அதே நிமிடத்துச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள், டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலே ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. பேசினால் குறைப்பார்கள். அடுத்தது டிசிஎஸ், பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பணம் மாதக்கணக்கில் முடங்கும். அதனால் இந்த ஆண்டு ஐந்து லட்சம், அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு ஐந்து லட்சம் என்று பிரித்து அனுப்புவது இரு வகையில் நல்லது: வேறு எதற்காவது அனுப்ப நேர்ந்தாலும் வரம்பு எளிதில் தாண்டாது, ஒரே நாள் விலையில் மாட்டவும் மாட்டீர்கள்.

தங்கம் 5 லட்சம், அதற்கு மேல் வேண்டாம். நகையாக வாங்கவே வேண்டாம்: செய்கூலி, ஜிஎஸ்டி போனால் வாங்கிய அன்றே பத்து சதவீதத்துக்கு மேல் நஷ்டம் சாதாரணம். நாணயத்திலும் 3 சதவீத ஜிஎஸ்டி திரும்பாது. பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டான கோல்டு ஈடிஎஃப் போதும். பரபரப்பான நாட்களில் அதன் சந்தை விலை உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பை விட்டு விலகி ஓடும். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் iNAV என்று வரும் எண் அந்த மதிப்பைத்தான் காட்டும்; அதைப் பார்த்து, அதற்கு அருகில் விலை குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுங்கள். தங்கத்துக்கு நம் நாட்டில் மட்டும் உள்ள ஆபத்து ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாக இறங்கியது. உலக விலையில் அசைவே இல்லாமல் இங்கே தங்கம் ஒரே நாளில் சுமார் 5 சதவீதம் விழுந்தது. 2013-இல் வரி தந்ததை அன்று வரி எடுத்துக்கொண்டது.

இந்தப் பிரிவைப் பழைய நெருக்கடிகளில் ஓடவிட்டுப் பார்ப்போம், பில்லின் வட்டியைக் கணக்கில் விட்டுவிட்டு. 2013 மே முதல் ஆகஸ்ட் வரை: டாலர் பகுதி 12.25 லட்சம், தங்கம் 6.35, பில் 10, மொத்தம் 28.6 லட்சம். 2008 ஜூலை முதல் அக்டோபர் வரை: டாலர் 11.63, தங்கம் 4.27, பில் 10, மொத்தம் 25.9. முழுவதையும் தங்கத்தில் வைத்திருந்தால் 2008 அக்டோபரில் 21.35 லட்சம் நின்றிருக்கும். முழுவதையும் பத்தாண்டுப் பத்திரத்தில் வைத்திருந்தால் 2013 ஆகஸ்டில் 22 லட்சம். 2008-இல் அதே பத்திரம் நம் கலவையைவிடப் பிரமாதமாகச் செய்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அந்த லாபத்தை விட்டுக்கொடுப்பதுதான் பில் வாங்குவதன் விலை.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நகையை இந்த 25 லட்சத்தில் சேர்க்காதீர்கள், ஆனால் மறந்தும் விடாதீர்கள். ரொக்கத்துக்கான அடிதடி நடக்கும் வாரங்களில், விலை இறங்கிய தங்கத்தை விற்பதைவிட நகைக் கடன் மேல்: மதிப்பில் 75 சதவீதம் வரை, சிறு தொகைக்கு அதற்கு மேலும் கிடைக்கும், விலை மீண்டதும் மீட்டுக்கொள்ளலாம். இந்த வசதி கோல்டு ஈடிஎஃப் யூனிட்டுக்கும் தங்கக் கட்டிக்கும் கிடையாது, அவற்றின் மேல் நகைக் கடன் போலக் கடன் தர வங்கிகளுக்கு அனுமதியில்லை. வங்கி விற்கும் நாணயத்துக்கு 50 கிராம் வரை உண்டு.